இருபது சதவீதம், எதன் மேல்? ஒரு தளபாட விலைமனுவின் கணக்கு

ஒவ்வொரு வேலைக்கும் தனியாகக் கிரயம் கணக்கிடும் வேலைக் கிரயவியல் வினாக்களில் மாணவர்கள் தடுமாறும் இடமும், தளபாடப் பட்டறைக்காரர் விலை சொல்லும்போது பணத்தை இழக்கும் இடமும் பெரும்பாலும் ஒன்றுதான். கூட்டல் கழித்தலில் இருவரும் தவறுவதில்லை. ஒரு சதவீதத்தையோ வீதத்தையோ எடுத்து, அது எதன் மேல் நிற்கிறது என்று பாராமல் பெருக்கிவிடுகிறார்கள். பரீட்சையில் அதனால் நான்கைந்து புள்ளிகள் போகும். பட்டறையில் அந்த ஆண்டின் இலாபமே போய்விடும்.

ஆரையம்பதியில் ஒரு தளபாடப் பட்டறை இருப்பதாக வைத்துக்கொள்வோம். அதற்கு இரண்டு பிரிவுகள். ஒன்றில் மரம் அறுக்கும் வாள், சீவும் இயந்திரம், துளையிடும் இயந்திரம் ஆகியன உள்ளன; மூன்று பேர் வேலை செய்கிறார்கள். மற்றதில் பொருத்துதல், உரஞ்சுதல், வார்னிஷ் பூசுதல் எல்லாம் கைவேலையாக நடக்கிறது. அங்கே ஆறு பேர். கல்லடியில் உள்ள ஒரு தனியார் கல்வி நிலையம் 30 சோடி மேசையும் இருக்கை வாங்கும் செய்துதர விலைமனு கேட்கிறது. கீழே வரும் தொகைகள் விளக்கத்துக்காக நான் அமைத்தவை. இன்றைய மர விலையையும் கூலியையும் போட்டுப் பார்க்க விரும்புபவர் எண்களை மாற்றிக்கொள்ளலாம்; முறை மாறாது.

மரத்திலிருந்து தொடங்குவோம். ஒரு சோடிக்குள் முடிவில் நிற்கும் மரம் 2 கன அடி. 30 சோடிக்கு 60 கன அடி. அறுக்கும்போதும் சீவும்போதும் வாங்கிய மரத்தில் 20 சதவீதம் தூளாகவும் துண்டாகவும் கழிந்துவிடும் என்பது அந்தப் பட்டறையின் அனுபவம். அப்படியானால் எவ்வளவு வாங்க வேண்டும்? பலரும் 60உடன் அதன் 20 சதவீதத்தைச் சேர்த்து 72 என்று எழுதிவிடுகிறார்கள். 72 கன அடி வாங்கினால் அதில் 20 சதவீதம், அதாவது 14.4 கன அடி கழிந்து 57.6தான் கையில் மிஞ்சும். கடைசி மேசைக்கு மரம் போதாது. கழிவு வாங்கிய மரத்தின் மேல் சொல்லப்பட்டது. ஆகவே 60 என்பது வாங்கியதன் 80 சதவீதம். 60ஐ 0.8ஆல் வகுத்தால் 75 கன அடி வருகிறது. கன அடி 3,200 ரூபா என்றால் மரத்துக்கு 240,000 ரூபா. ஆணி, பசை, வார்னிஷ், உரஞ்சுதாள் எல்லாம் 34,500 ரூபா. நேர்ப் பொருட் கிரயம் 274,500 ரூபா.

இந்த 0.8ஐ மறந்துவிட வேண்டாம். விலைமனுவின் கடைசி வரியில் இதே வகுத்தல் மறுபடியும் தேவைப்படும்.

அடுத்தது கூலி. தச்சருக்கு நாட்கூலி 3,000 ரூபா, வேலை நேரம் எட்டு மணித்தியாலம். எனவே மணிக்கு 375 ரூபா என்றுதான் முதலில் தோன்றும். ஆனால் அந்த எட்டு மணித்தியாலமும் ஒரு வேலையின் பெயரில் எழுதக்கூடியதாக இருப்பதில்லை. தேநீர், வாள் மாற்றுதல், பட்டறை கூட்டுதல், மின்தடை, மரம் வந்து சேரும் வரை காத்திருத்தல் என்று கழித்தால் ஆறு மணித்தியாலம்தான் மிஞ்சுகிறது. இந்த வேலைக்கு எத்தனை மணித்தியாலம் தேவை என்று தச்சர் மதிப்பிட்டுச் சொல்வதும் கருவியைக் கையில் பிடித்து வேலை செய்யும் நேரத்தைத்தான். ஆகவே 3,000ஐ ஆறால் வகுத்து மணிக்கு 500 ரூபா என்று போட வேண்டும். வேறு வழியும் உண்டு: 375 என்றே வைத்துவிட்டு, அந்த இரண்டு வெற்று மணித்தியாலத்தின் கூலியை, எந்தத் தனி வேலைக்கும் உரித்தாகாத மேந்தலைச் செலவில் சேர்க்கலாம். பரீட்சை வினாக்களில் வழமையான வெற்று நேரத்தை மேந்தலையாகக் கொள்ளச் சொல்வதுண்டு. இரண்டில் எதுவும் சரியே. இரண்டையும் ஒன்றாகச் செய்தால் ஒரே கூலி இருமுறை ஏறும், இரண்டையும் விட்டால் ஒருமுறையும் ஏறாது. இங்கே 500 ரூபா வழியை எடுக்கிறேன்.

இயந்திரப் பிரிவில் 150 ஊழிய மணித்தியாலமும் முடிப்புப் பிரிவில் 228 ஊழிய மணித்தியாலமும் தேவை. மொத்தம் 378, நேர்க் கூலி 189,000 ரூபா. அறுத்த பலகையை வெளியே சூளையில் கொடுத்து உலர்த்தி எடுக்க 16,000 ரூபா. அது இந்த வேலைக்காக மட்டுமே செலவாவதால் நேர்ச் செலவு. மூன்றையும் கூட்டினால் முதன்மைக் கிரயம் 479,500 ரூபா.

இதுவரை எழுதிய ஒவ்வொரு ரூபாவையும் இந்த 30 சோடியின் பெயரில் காட்டலாம். பட்டறை வாடகையை அப்படிக் காட்ட முடியாது. மின்கட்டணம், இயந்திரத் தேய்மானம், மேற்பார்வையாளர் சம்பளம், வாள் தீட்டும் செலவு எதுவும் ஒரு தனி வேலைக்கு உரியதல்ல. இவைதான் உற்பத்தி மேந்தலை. ஆண்டு முழுவதற்கும் பாதீடு செய்து, ஒவ்வொரு வேலையும் தன் பங்கைச் சுமக்கும்படி ஒரு வீதத்தை முன்கூட்டியே வைத்துக்கொள்கிறோம். அந்த வீதமே மேந்தலை உறிஞ்சல் வீதம்.

நம் பட்டறையின் ஆண்டு மேந்தலை 3,060,000 ரூபா. முதலில் அதை இரு பிரிவுகளுக்கும் பங்கிட வேண்டும். வாடகை 480,000 ரூபாவைத் தரைப் பரப்பின்படி பிரிக்கிறோம். இயந்திரப் பிரிவு 900 சதுர அடியும் முடிப்புப் பிரிவு 1,500 சதுர அடியும் பிடிப்பதால் 180,000, 300,000 என வருகிறது. மின்சாரம் 700,000 ரூபாவை மோட்டார்களின் குதிரைவலுவின்படி ஆறுக்கு ஒன்றாகப் பிரித்தால் 600,000, 100,000. தேய்மானம் 600,000 ரூபா இயந்திரங்களின் பெறுமதிப்படி 500,000, 100,000. மேற்பார்வையாளர் சம்பளம் 900,000 ரூபா ஆட்தொகையின்படி 300,000, 600,000. மிஞ்சுவது வாள் அலகு, எண்ணெய், தூரிகை போன்ற நேரல்லாத பொருள்கள். எந்தப் பிரிவு எடுத்தது என்று பதிவிருப்பதால் பங்கிடத் தேவையில்லை. நேராகவே 220,000, 160,000 என ஒதுக்கிவிடலாம். முடிவில் இயந்திரப் பிரிவின் மேந்தலை 1,800,000 ரூபா, முடிப்புப் பிரிவினது 1,260,000 ரூபா.

அடிப்படை ஒவ்வொன்றையும் ஏன் அப்படித் தேர்ந்தோம் என்பதைக் கவனிக்க வேண்டும். செலவு எதனால் கூடுகிறதோ அதையே அடிப்படையாக எடுத்திருக்கிறோம். மின்கட்டணத்தைத் தரைப் பரப்பின்படி பிரித்தால் கணக்கு முடிந்துவிடும். ஆனால் கையால் வார்னிஷ் பூசுகிறவர்களின் தலையில் வாள் இயந்திரத்தின் கட்டணம் விழும்.

இனி எதனால் வகுப்பது? இயந்திரப் பிரிவில் செலவை ஓட்டுவது இயந்திரம். மூன்று இயந்திரங்களும் சேர்ந்து ஆண்டில் 3,000 மணித்தியாலம் ஓடும் என்று பாதீடு சொல்கிறது. 1,800,000ஐ 3,000ஆல் வகுத்தால் இயந்திர மணித்தியாலத்துக்கு 600 ரூபா. முடிப்புப் பிரிவில் செலவை ஓட்டுவது ஆளின் நேரம். ஆறு பேர், ஆண்டில் 280 வேலை நாட்கள், நாளுக்கு அதே ஆறு மணித்தியாலம்: 10,080 ஊழிய மணித்தியாலம். 1,260,000ஐ அதனால் வகுத்தால் மணித்தியாலத்துக்கு 125 ரூபா.

நம் வேலைக்கு 120 இயந்திர மணித்தியாலம் தேவை. 600 ரூபா வீதம் 72,000 ரூபா. முடிப்புப் பிரிவின் 228 மணித்தியாலத்துக்கு 125 ரூபா வீதம் 28,500 ரூபா. உறிஞ்சப்படும் மேந்தலை 100,500 ரூபா.

இத்தனை பங்கீடும் வேண்டாம், பட்டறை முழுவதற்கும் ஒரே வீதம் போதுமே என்று சிலர் கேட்பார்கள். செய்து பார்ப்போம். ஒன்பது பேரின் ஆண்டு நேரம் 15,120 மணித்தியாலம். 3,060,000ஐ அதனால் வகுத்தால் ஏறத்தாழ 202 ரூபா 38 சதம். நம் வேலையின் 378 மணித்தியாலத்துக்கு அது 76,500 ரூபாதான். பிரிவு வீதத்தைவிட 24,000 ரூபா குறைவு. இந்த வேலை இயந்திரத்தை அதிகம் பிடிக்கிறது. ஒரே வீதம் அதைப் பார்ப்பதில்லை.

மறுபக்கத்தையும் பார்க்க வேண்டும். ஒருவர் பழைய கதிரைகளையும் அலுமாரியையும் கொண்டுவந்து உரஞ்சிப் புதிதாக வார்னிஷ் பூசித் தரச் சொல்கிறார். 126 மணித்தியாலக் கைவேலை. இயந்திரம் தொடுவதே இல்லை. பிரிவு வீதத்தில் அதன் மேந்தலை 15,750 ரூபா. ஒரே வீதத்தில் 25,500 ரூபா. கைவேலைக்கு அதிக விலை சொல்வதால் வாடிக்கையாளர் காத்தான்குடிக்கோ கல்முனைக்கோ போய்விடுவார். இயந்திர வேலைக்குக் குறைந்த விலை சொல்வதால் அந்த வேலைகள் மட்டும் வந்து குவியும். பட்டறை ஓயாமல் ஓடும், கையில் காசு மிஞ்சாது. ஓர் ஆண்டு வேலைக் கட்டளைகளை எடுத்து வைத்து, கிடைத்தவை எவை, கைவிட்டுப் போனவை எவை என்று பிரித்துப் பார்த்தால் இந்தக் கோணல் கண்ணுக்குத் தெரியும். இரு பிரிவின் தன்மையும் ஒன்றாக இருந்தால், அல்லது எல்லா வேலைகளும் இரு பிரிவையும் ஏறத்தாழ ஒரே விகிதத்தில் பயன்படுத்தினால், ஒரே வீதம் வைப்பதில் குற்றமில்லை.

உறிஞ்சல் வீதத்தை ஏன் ஆண்டுக்கு ஒன்றாக வைக்கிறோம் என்ற கேள்வி எங்கள் மட்டக்களப்பு மாவட்டத்தில் தனி அழுத்தத்துடன் எழுகிறது. வடகீழ்ப் பருவக்காற்று மழை கார்த்திகை, மார்கழியில் கொட்டும்போது கட்டட வேலைகள் நின்றுவிடும், மரம் காயாது, சில பகுதிகளில் வெள்ளம் பாதையையே மறித்துவிடும். இயந்திரப் பிரிவின் மேந்தலை மாதத்துக்கு 150,000 ரூபா என்று எடுத்துக்கொண்டால், அது மழையிலும் பெருமளவு குறையாது. வாடகையும் தேய்மானமும் சம்பளமும் நின்றபடி நிற்கும். டிசம்பரில் இயந்திரம் 120 மணித்தியாலம் மட்டும் ஓடினால் அம்மாத வீதம் 1,250 ரூபா. யூலையில் 350 மணித்தியாலம் ஓடினால் 429 ரூபா. ஒரே மேசைக்கு யூலையில் ஒரு விலை, டிசம்பரில் அதைவிட மிகக் கூடிய விலை. அதுவும் வேலை தேடி அலையும் மாதத்தில் கூடிய விலை. ஆண்டு முழுவதையும் ஒன்றாக எடுப்பதால் இந்த ஏற்ற இறக்கம் அமுங்கிவிடுகிறது.

ஆனால் அந்த ஆண்டுக் கணக்கு ஒரு மதிப்பீடு. வெள்ளம் கடுமையாக வந்து இயந்திரங்கள் 3,000க்குப் பதில் 2,500 மணித்தியாலம் மட்டும் ஓடின என்று வைப்போம். வேலைகளில் ஏற்றிய மேந்தலை 1,500,000 ரூபா. உண்மையில் செலவானது 1,780,000 ரூபா. குறை உறிஞ்சல் 280,000 ரூபா. அது இலாப நட்டக் கணக்கில் செலவாகப் போகும். இந்தத் தொகையை அப்படியே விட்டுவிடாமல் பிரித்துப் பார்க்கச் சொல்லுவேன். 500 மணித்தியாலம் ஓடாததால் இழந்தது 300,000 ரூபா. பாதீட்டைவிடச் செலவு குறைந்ததால் சேமித்தது 20,000 ரூபா. அதாவது செலவு கட்டுப்பாட்டில்தான் இருந்தது, குறைந்தது வேலை. செலவைக் குறைக்கச் சொல்லி மேற்பார்வையாளரைக் கடிந்துகொள்வதால் இந்த இழப்பு தீராது. அடுத்த ஆண்டின் வீதத்தை 3,000 மணித்தியாலத்திலா 2,700இலா வைப்பது என்று யோசிக்க வேண்டியதுதான் அதன் பயன்.

விலைமனுவுக்குத் திரும்புவோம். முதன்மைக் கிரயம் 479,500 ரூபாவும் உற்பத்தி மேந்தலை 100,500 ரூபாவும் சேர்ந்து உற்பத்திக் கிரயம் 580,000 ரூபா. அலுவலகச் செலவு, தொலைபேசி, வாகனம் முதலிய நிர்வாக, விற்பனை மேந்தலைகளை இந்தப் பட்டறை உற்பத்திக் கிரயத்தின் 10 சதவீதமாக ஏற்றுகிறது. அது 58,000 ரூபா. மொத்தக் கிரயம் 638,000 ரூபா.

இதுவே பரீட்சை வினாவானால் இப்படிச் சொல்லும்: "விற்பனை விலையின் மீது 20 சதவீதம் இலாபம் வேண்டும்." பேனா தானாகவே 638,000இன் 20 சதவீதம், 127,600 என்று எழுதி, விலை 765,600 என்று முடித்துவிடும். சரிபார்க்க ஒரே கேள்வி போதும்: 127,600 என்பது 765,600இன் எத்தனை சதவீதம்? 16.67. கேட்டது 20. விற்பனை விலை 100 என்றால் இலாபம் 20, கிரயம் 80. மரக் கழிவில் செய்த அதே வகுத்தல்: 638,000ஐ 0.8ஆல் வகுக்க 797,500 ரூபா. இலாபம் 159,500 ரூபா. கிரயத்தின் மேல் பார்த்தால் இது 25 சதவீதம். விற்பனை மீது 20, கிரயத்தின் மீது 25 இரண்டும் ஒரே விலை. வினாவில் "கிரயத்தின் மீது" என்று இருந்தால் பெருக்கலும், "விற்பனை மீது" என்று இருந்தால் வகுத்தலும் செய்ய வேண்டும்.

விலைமனுவுக்கான கிரயக் கூற்று இப்படி நிற்கும்:

நேர்ப் பொருள்: 274,500
நேர்க் கூலி: 189,000
நேர்ச் செலவு: 16,000
முதன்மைக் கிரயம்: 479,500
உற்பத்தி மேந்தலை, இயந்திரப் பிரிவு: 72,000
உற்பத்தி மேந்தலை, முடிப்புப் பிரிவு: 28,500
உற்பத்திக் கிரயம்: 580,000
நிர்வாக, விற்பனை மேந்தலை: 58,000
மொத்தக் கிரயம்: 638,000
இலாபம்: 159,500
கூறும் விலை: 797,500

பட்டறை பெறுமதி சேர் வரிக்குப் பதிவு செய்திருந்தால், 2024 ஜனவரி முதல் உள்ள 18 சதவீதம் இந்த 797,500இன் மேல் தனியாகச் சேரும். அது பட்டறையின் வருமானமல்ல. அதை இலாபக் கணக்குக்குள் கொண்டுவரக் கூடாது.

இப்போது நான்கு தவறுகளையும் ஒருவர் ஒன்றாகச் செய்துவிட்டார் என்று வைத்துப் பார்ப்போம். மரம் 72 கன அடி, வெற்று நேரத்தை எங்கும் ஏற்றாமல் கூலி 375 ரூபா, மேந்தலை ஒரே வீதத்தில் 76,500 ரூபா, இலாபம் கிரயத்தின் மேல் 20 சதவீதம். அவர் கூறும் விலை 658,878 ரூபா. வேலை நிச்சயம் அவருக்குத்தான் கிடைக்கும். உண்மைக் கிரயம் 638,000 ரூபா. எனவே கையில் மிஞ்சுவது 20,878 ரூபா. 20 சதவீதம் என்று நினைத்து எடுத்த வேலை 3 சதவீதத்தைச் சற்றே தாண்டுகிறது. ஒரு தச்சர் இரண்டு நாள் காய்ச்சலில் கிடந்தாலும் அதில் ஒரு பங்கு கரைந்துவிடலாம். தனித்தனியாகப் பார்த்தால் அவற்றில் எதுவும் பெரிய பிழையாகத் தோன்றாது. எல்லாமே விலையைக் கீழே இழுக்கும் பிழைகள் என்பதால்தான் ஒன்றின் மேல் ஒன்று ஏறுகின்றன.

"கொஞ்சம் குறைத்துத் தாருங்கள் அண்ணன்" என்று கல்வி நிலையக்காரர் கேட்பது உறுதி. எதுவரை இறங்கலாம் என்பதற்கு 638,000 என்ற எண் மட்டும் விடை சொல்லாது. யூலையில், இயந்திரங்களுக்கு வேறு வேலை வரிசையில் நிற்கும்போது, 638,000க்குக் கீழே போவது நட்டம்தான். அந்த 120 இயந்திர மணித்தியாலத்தை வேறு ஒருவர் முழு விலைக்கு வாங்கியிருப்பார். டிசம்பரில் இயந்திரங்கள் சும்மா நிற்கும்போது கதை வேறு. வாடகையும் தேய்மானமும் மேற்பார்வையாளர் சம்பளமும் இந்த வேலையை எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் போகும். அப்போது உண்மையில் புதிதாகச் செலவாவது முதன்மைக் கிரயமும், இயந்திரம் ஓடும் மின்சாரம், வாள் அலகு போன்ற மாறும் மேந்தலையும்தான். தச்சர்களுக்கு வேலையில்லாத நாளிலும் கூலி கொடுக்கும் பட்டறையாக இருந்தால் கூலியிலும் ஒரு பகுதி புதிய செலவல்ல. அதற்கு மேல் கிடைப்பது எதுவானாலும் நிலையான செலவுகளை அடைக்க உதவும். ஆனால் மார்கழி விலையை ஒருமுறை கொடுத்தால் அதே வாடிக்கையாளர் ஆனியிலும் அதையே கேட்பார். விலைமனுவில் அது பருவகால விலை என்று எழுதிவிடுவது நல்லது.

வேலை முடிந்ததும் வேலைக் கிரய அட்டையில் மதிப்பிட்டதையும் நடந்ததையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும். 120 என்று மதிப்பிட்ட இயந்திர மணித்தியாலம் 131 ஆகியிருந்தால் அந்த 11 மணித்தியாலத்தின் மேந்தலை மட்டும் 6,600 ரூபா. சீவும்போது மரம் இழை கிழிந்திருந்தால், இயந்திரத்தில் ஈரத்தூள் ஒட்டியிருந்தால், பலகை சரியாக உலராமல் வந்திருக்கலாம். கேட்க வேண்டியது சூளைக்காரரை. மரம் நன்றாக இருந்தும் நேரம் கூடியிருந்தால் வாள் அலகைப் பார்க்க வேண்டும். அடுத்த விலைமனுவின் இயந்திர மணித்தியாலம் இந்த அட்டையிலிருந்துதான் வர வேண்டும், நினைவிலிருந்து அல்ல.

கடைசியாக, விலைமனுவின் அடியில் விலை எத்தனை நாளுக்குச் செல்லும் என்ற வரி. மொத்தக் கிரயத்தில் மரத்தின் பங்கு மட்டும் 240,000 ரூபா. கன அடிக்கு 200 ரூபா ஏறினால் பொருட் கிரயம் 15,000 ரூபா கூடும். விலைமனு கொடுத்து இரண்டு மாதம் கழித்து வாடிக்கையாளர் முற்பணத்துடன் வந்து அதே விலையைக் கேட்டால், அந்த 15,000 ரூபா பட்டறையின் இலாபத்திலிருந்தே போகும். ஆகவே 14 நாள் அல்லது 30 நாள் என்று எழுதி, மர வியாபாரி தமது விலையை எத்தனை நாள் வைத்திருப்பார் என்பதைக் கேட்டு, அதைவிடக் கூடிய நாளைக் கொடுக்காமல் இருக்க வேண்டும்.